வாடகை ரசீது சரிபார்ப்பு: பரீட்சைக் கணக்கில் வராத பாதி

சி.ஏ. இன்டர் வரிக் கணக்கில் 'கொடுத்த வாடகை மாதம் 14,000' என்று கேள்வியிலேயே தந்துவிடுவார்கள். ஆர்ட்டிகிள்ஷிப்பில் ஜனவரி மாதம் ஒரு கம்பெனியின் ஊழியர் ரசீதுகளைச் சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த 14,000 சரியா என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. ஹெச்.ஆர்.ஏ. விலக்கு பழைய வரி முறையில்தான் உண்டு. அதனால் ஊழியர் எந்த முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். புதிய முறை என்றால் ரசீதுகளைப் புரட்டவே தேவையில்லை.

ஒரு உதாரணம். சென்னையில் இருப்பவர், அடிப்படைச் சம்பளம் 40,000, ஹெச்.ஆர்.ஏ. 16,000. மாதம் 14,000 என்று பன்னிரண்டு ரசீது கொடுத்திருக்கிறார். மூன்று தொகைகளில் குறைந்தது விலக்கு: வாங்கிய 16,000, அடிப்படையில் பாதி 20,000, வாடகையில் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தால் 10,000. ஆக வருடத்துக்கு 1,20,000.

இப்போது ஒப்பந்தத்தை எடுங்கள். வாடகை 12,500, பராமரிப்பு 1,500 என்று தனித்தனியாக இருக்கிறது. பராமரிப்பை வாடகையோடு சேர்க்க மாட்டார்கள். 12,500-இல் 4,000 போக 8,500; வருடத்துக்கு 1,02,000. ரசீதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை, ஆனாலும் 18,000 குறைந்துவிட்டது. வங்கி ஸ்டேட்மென்ட்டிலும் 14,000 என்றுதான் போயிருக்கும். அதனால் ரசீதையும் ஸ்டேட்மென்ட்டையும் மட்டும் ஒப்பிட்டால் இது பிடிபடாது, ஒப்பந்தமும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதிலேயே காலாவதித் தேதியையும் பாருங்கள். பதினொரு மாத ஒப்பந்தம் நவம்பரில் முடிந்திருந்தால் டிசம்பரிலிருந்து எந்த வாடகை என்ற கேள்வி வரும்.

பன்னிரண்டு ரசீதும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருப்பது பற்றி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டாம். பணம் வங்கி வழியாகப் போயிருந்தால் அது வெறும் சோம்பேறித்தனம். ரொக்கம் என்றால்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 5,000-க்கு மேல் ரொக்கமாக வாங்கிய ரசீதில் ஒரு ரூபாய் ரெவென்யூ ஸ்டாம்பும் அதன்மேல் கையெழுத்தும் வேண்டும்.

வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பான் எண் தேவை. மாதம் 8,333 என்று ரசீது வந்தால், அதாவது வருடத்துக்கு 99,996, எந்த சீனியரும் ஒரு சிரிப்போடு ஒப்பந்தத்தைக் கேட்பார். பான் எண்ணின் நான்காவது எழுத்து தனிநபருக்கு P என்று இருக்கும். ஐந்தாவது குடும்பப் பெயரின் முதல் எழுத்து. நம் ஊரில் பலர் அந்த இடத்தில் அப்பா பெயரைத்தான் கொடுத்திருப்பார்கள், எனவே ரசீதில் உள்ள இனிஷியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயருக்கும் அதற்கும் பொருந்தவில்லை என்பதற்காகத் தள்ளிவிடாதீர்கள்.

உரிமையாளரிடம் பான் இல்லையென்றால், பெயர், முகவரியோடு அவரே கையெழுத்திட்ட உறுதிமொழி வாங்கலாம். இருந்தும் தர மறுத்தால் கம்பெனி விலக்கு தராமல் வரி பிடித்துவிடும். ஊழியர் அதை வருமான வரித் தாக்கலின்போது கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தமும் ஸ்டேட்மென்ட்டும் அப்போதும் அவர் கையில் இருக்க வேண்டும்.