போனஸில் போன 55, திரும்பி வந்த 13

போனஸ் வந்த மாதத்துச் சம்பளச் சீட்டைத் திறந்ததும் என் கண் நேராகப் போனது வரிப் பிடித்தம் என்ற வரிக்குத்தான். வழக்கமாக அங்கே நிற்கும் தொகையைப் போல ஆறரை மடங்கு அங்கே நின்றது. கைக்கு வந்ததோ வழக்கத்தைப் போல மூன்று மடங்குகூட இல்லை. போனஸுக்கென்று தனியாக ஒரு கடுமையான வரி இருக்கிறது என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று நானும் அதை நம்பிவிட்டேன். அது உண்மையில்லை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த நாணயத்தில் வாசிப்பவருக்கும் பொருந்துவதற்காக என் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். வரி அடுக்குகளையும் அதே அளவில் சுருக்கி, கையாள வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன். ஆண்டு வருமானத்தில் முதல் 400க்கு வரி இல்லை. 400 முதல் 800 வரையிலான பகுதிக்கு 10 சதவீதம். 800 முதல் 1,800 வரை 20 சதவீதம். அதற்கு மேல் 30 சதவீதம்.

என் ஆண்டுச் சம்பளம் 1,200. அதற்கான வரி 40ம் 80ம் சேர்ந்து 120. மாதத்துக்குப் பிரித்தால் 10. பல ஆண்டுகளாக என் சீட்டில் இருந்த தொகை இதுதான். அதனால் என் வரி விகிதம் 10 சதவீதம் என்பது மனதில் பதிந்துபோயிருந்தது. ஆண்டின் நடுவில் இரண்டு மாதச் சம்பளம் போனஸாக வந்தபோது, அந்த 200க்கு 20 போகும் என்று எதிர்பார்த்தேன். அந்த மாதம் பிடித்ததோ 65. வழக்கமான 10ஐக் கழித்தால், போனஸிலிருந்து மட்டும் 55 போயிருந்தது. எதிர்பார்த்ததைவிட 35 அதிகம்.

சம்பளப் பிரிவில் இருக்கும் அம்மையாரிடம் சீட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிவிட்டு, ஒரு தாளில் 300 என்று எழுதினார். பக்கத்தில் 12ஆல் பெருக்கி 3,600 என்று எழுதினார்.

“மென்பொருள் இந்த மாதத்தை மட்டும்தான் பார்க்கும். இந்த மாதம் 300 வாங்கினால், ஆண்டு முழுக்க 300 வாங்குகிறவர் என்று எடுத்துக்கொண்டு வரியைக் கணக்கிடும். அதை 12ஆல் வகுத்துப் பிடித்துவிடும். அடுத்த மாதம் உங்களுக்கு மறுபடி 100தான் என்பது அதற்குத் தெரியாது” என்றார்.

வீட்டுக்கு வந்து அதை நானே போட்டுப் பார்த்தேன். 3,600க்கு வரி: இரண்டாம் அடுக்கில் 40, மூன்றாம் அடுக்கில் 200, மீதி 1,800க்கு 30 சதவீதமாக 540. மொத்தம் 780. பன்னிரண்டால் வகுத்தால் 65. சீட்டில் இருந்த எண் அப்படியே வந்தது. உங்கள் போனஸ் மாதத்திலும் இந்த ஒரு பெருக்கலையும் வகுத்தலையும் செய்து பாருங்கள். எண் பொருந்தினால் உங்கள் நிறுவனம் பயன்படுத்துவது பெரும்பாலும் இந்த மாதாந்தர முறையாகத்தான் இருக்கும். பொருந்தாவிட்டால் வேறு முறை, அல்லது பிழை.

அப்படியானால் 35 முழுவதும் ஆண்டு முடிவில் திரும்ப வந்துவிடும் என்று கணக்குப் போட்டு வைத்தேன். அது தவறு. இந்தத் தவறைத்தான் பலரும் செய்கிறார்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆண்டு முழுவதற்கும் என் வருமானம் 1,200ம் 200ம் சேர்ந்து 1,400. அதற்கான உண்மையான வரி 40ம் 120ம் சேர்ந்து 160. போனஸ் இல்லாமல் இருந்திருந்தால் 120. ஆக, போனஸின் மேல் உண்மையாகவே விழும் வரி 40, அதாவது 20 சதவீதம். நான் மனதில் வைத்திருந்த 10 சதவீதம் என்பது சராசரி. என் சம்பளத்தின் முதல் 400க்கு வரியே இல்லை, அடுத்த 400க்கு 10 சதவீதம்தான். அந்தச் சலுகைகள் எல்லாம் சேர்ந்துதான் சராசரியைக் கீழே இழுத்து வைத்திருந்தன. போனஸ் வரும்போது அந்த அடுக்குகளைச் சம்பளமே நிரப்பி முடித்துவிட்டது. போனஸ் முழுவதும் 20 சதவீத அடுக்கில்தான் உட்கார வேண்டும். போனஸுக்குப் பதிலாகச் சம்பள உயர்வாக அதே 200 வந்திருந்தாலும் இதே 40தான்.

எனவே என்னை உறுத்திய 35 இரண்டு துண்டுகளாகப் பிரிகிறது. அதில் 20 நான் சராசரியையும் மேல் அடுக்கையும் குழப்பிக்கொண்டதால் வந்தது. அது நியாயமான வரி, திரும்பி வராது. மீதி 15தான் மென்பொருள் என்னை 3,600 வாங்குகிறவனாக நினைத்ததால் கூடுதலாகப் பிடித்தது. அது மட்டும்தான் என் பணம்.

அடுக்கு ஏறினால் மொத்தச் சம்பளத்துக்கும் அதிக விகிதம் வந்துவிடும் என்று பயந்து, போனஸை அடுத்த ஆண்டுக்குத் தள்ளச் சொல்லலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். அடுக்கைத் தாண்டிய பகுதிக்கு மட்டுமே மேல் விகிதம். கீழே இருக்கும் பணம் தன் அடுக்கிலேயே இருக்கும். போனஸ் வாங்கியதால் வருமான வரி மட்டுமே போனஸைவிட அதிகமாகிவிடுவது இத்தகைய அடுக்கு முறையில் நடக்காது. ஆனால் ஏதாவது ஒரு உதவித்தொகையோ சலுகையோ குறிப்பிட்ட ஆண்டு வருமானத்துக்கு மேல் கிடையாது என்று இருந்தால், அந்த வரம்புக்கு அருகில் இருப்பவர்கள் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கூடுதலாகப் பிடித்த 15 எப்போது திரும்பும் என்பது முறையைப் பொறுத்தது. பிரிட்டனில் வேலை பார்க்கும் என் சகோதரியிடம் பேசியபோது, அங்கே வழக்கமான வரிக் குறியீடு உள்ளவர்களுக்கு ஆண்டின் தொடக்கத்திலிருந்து அந்த மாதம் வரையிலான மொத்த வருமானத்தைக் கூட்டித்தான் ஒவ்வொரு மாதமும் கணக்கிடுகிறார்கள் என்றாள். என் எண்களை அந்த முறையில் போட்டுப் பார்த்தேன். வரியாண்டின் முதல் மாதத்திலேயே போனஸ் வந்தால் 65 பிடிப்பார்கள், எனக்கு நடந்தது போலவே. ஆனால் இரண்டாம் மாதம் 10க்குப் பதில் 5தான். மூன்றாம் மாதமும் 5, நான்காம் மாதமும் 5. ஐந்தாம் மாதம் மறுபடி 10. மூன்று மாதங்களில் அந்த 15 சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறது. ஆண்டின் நடுவில், ஆறாம் மாதத்தில் போனஸ் வந்தால் அதில் பிடிப்பதே சரியாக 40தான்.

அமெரிக்காவில் கூட்டரசு வருமான வரிக்கு இன்னொரு வழியும் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. போனஸைத் தனியாகப் பிரித்துக் காட்டினால், அதிலிருந்து நேராக 22 சதவீதம் பிடித்துக்கொள்ளலாம் (ஆண்டில் 10 லட்சம் டாலரைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு வேறு விகிதம்). எளிமையான முறைதான். ஆனால் 12 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அது அதிகம், 32 சதவீத அடுக்கில் இருப்பவருக்குக் குறைவு. பின்னவர் போனஸ் மாதத்தில் நிம்மதியாக இருந்துவிட்டு, ஆண்டு முடிவில் பாக்கி கட்ட வேண்டி வரும். பிடித்தம் குறைவாக இருந்த மாதம் லாபமான மாதம் என்று நினைப்பதும் இதே குழப்பத்தின் மறுபக்கம்தான்.

என் நிறுவனத்தின் மாதாந்தர முறையில் பின்வரும் மாதங்களில் எந்தச் சரிக்கட்டலும் இல்லை. போனஸுக்கு அடுத்த மாதம் மறுபடி 10தான் பிடித்தார்கள். அதைப் பார்த்ததும் கூடுதல் பணம் எங்கே என்று மீண்டும் கேட்கப் போனேன். அவர் பொறுமையாக, “அது வரித் துறையில் உங்கள் பெயரில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போதுதான் வெளியே வரும்” என்றார்.

சம்பளச் சீட்டில் இன்னொன்றையும் அப்போதுதான் கவனித்தேன். போனஸ் மாதத்தில் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் கூடியிருந்தது. அது மொத்தச் சம்பளத்தில் ஒரே சதவீதம். அடுக்கு கிடையாது, ஆண்டு முடிவில் வருமான வரியோடு சரிக்கட்டவும் மாட்டார்கள். கைக்கு வந்த தொகை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே நிகரச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. வருமான வரி என்று இருக்கும் தொகையை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆண்டு முடிந்து நிறுவனம் கொடுத்த சான்றில் இரண்டு எண்களைத் தேடினேன். மொத்த வருமானம் 1,400. பிடித்த வரி, பதினொரு மாதங்களுக்கு 110ம் போனஸ் மாதத்துக்கு 65ம் சேர்ந்து 175. பன்னிரண்டு சீட்டுகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே கூட்டிச் சரிபார்த்தேன். சான்றில் போனஸ் என்று தனிப் பதிவே இல்லை. அதுவரை போனஸைத் தனிப் பிறவியாக நினைத்திருந்த எனக்கு அந்தத் தாள்தான் விஷயத்தை முழுதாக விளக்கியது. வரித் துறைக்கு அது வெறும் ஊதியம். எந்த மாதத்தில் வந்தது என்பதுகூட அதற்குத் தேவையில்லை.

தாக்கல் செய்தபோது 15 வரும் என்று காத்திருந்தேன். வந்தது 13. சேமிப்புக் கணக்கில் அந்த ஆண்டு கிடைத்த வட்டி 10ஐ நான் கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன். படிவத்தில் அது ஏற்கெனவே நிரப்பப்பட்டு வந்திருந்தது. அதற்குப் பிடித்தம் எதுவும் நடந்திருக்கவில்லை. மேல் அடுக்கான 20 சதவீதத்தில் அதன் வரி 2. ஆக என் உண்மையான வரி 162, கட்டியது 175. ஆண்டு முடிவுக் கணக்கில் போனஸுக்குப் பிடித்த கூடுதல் தனியாகத் திரும்புவதில்லை. எல்லா வருமானமும் ஒரு பக்கம், எல்லாப் பிடித்தமும் மறுபக்கம் நின்று, வித்தியாசம் மட்டும்தான் கைமாறுகிறது.

அதே ஆண்டு எங்கள் பிரிவில் ஐந்தாம் மாதத்தில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு என்னைவிடப் பெரிய தொகை திரும்ப வந்தது. போனஸே வாங்காதவர். மாதம் 100 வீதம் எட்டு மாதச் சம்பளம், 800. அவருடைய உண்மையான வரி 40. மென்பொருள் ஒவ்வொரு மாதமும் அவரை 1,200 வாங்குகிறவராக எண்ணி 10 பிடித்து, மொத்தம் 80 எடுத்திருந்தது. சேருவதற்கு முன் அந்த ஆண்டில் அவருக்கு வேறு வருமானம் இல்லாததால் 40 திரும்பியது. அவர் தாக்கலே செய்யாமல் விட இருந்தார். நான் என் தாளைக் காட்டி, அவருடைய எட்டுச் சீட்டுகளையும் சேர்ந்து உட்கார்ந்து கூட்டிய பிறகுதான் படிவத்தை அனுப்பினார்.