மூடிய மாதத்தின் கணக்கு குறைந்தபோது

எங்கள் சமூக ஊடகப் பதிவுகளின் மார்ச் ரிப்போர்ட்டை ஏப்ரல் தொடக்கத்தில் அனுப்பியபோது மொத்த இம்ப்ரெஷன் 1,84,300. மே மாதம் ஒப்பிட்டுப் பார்க்க அதே ரிப்போர்ட்டை மறுபடி எடுத்தால் 1,61,900 என்று வருகிறது. மார்ச் 31 வரைக்கும் சேகரித்த எண்களை மட்டும் கூட்டும் ரிப்போர்ட் அது. முடிந்துபோன மாதத்தின் எண்ணிக்கை இரண்டு மாதம் கழித்துக் குறைகிறது என்றால் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்? முதல் ரிப்போர்ட்டில் ஊதிப் பெருக்கிவிட்டோம் என்றுதான்.

எண்களைச் சேகரிக்கும் ஸ்க்ரிப்ட்டை எழுதிக் கொடுத்தது வெளியிலிருந்து வந்த ஒரு நிறுவனம். அவர்களைக் கேட்டேன். "பதிவை நீங்களே டெலீட் செய்திருப்பீர்கள் சார். பதிவு இல்லாதபோது எண் மட்டும் எப்படி இருக்கும்? இப்போது காட்டுவதுதான் சரியான கணக்கு" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் பாதி உண்மை இருந்ததுதான் எரிச்சல். மார்ச் 12-ல் போட்ட ஓர் அறிவிப்பில் தேதி தவறாக இருந்ததால், ஏப்ரலில் எங்கள் குழுவே அதை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தது. மார்ச் கடைசி வரைக்கும் அந்தப் பதிவுக்கு வந்த இம்ப்ரெஷன் 22,400. வித்தியாசம் சரியாக அதேதான்.

ஆனால் பதிவை நீக்கியதால், மார்ச்சில் அதைப் பார்த்தவர்கள் பார்க்காதவர்கள் ஆகிவிட மாட்டார்கள். ஸ்க்ரிப்ட் செய்தது இதுதான்: தினமும் தளத்திலிருந்து பதிவுகளின் பட்டியலை வாங்கி, பட்டியலில் இல்லாததை நம் `posts` டேபிளிலிருந்தும் அழித்துவிடும். எண்கள் இருக்கும் டேபிள் அதோடு `ON DELETE CASCADE` என்று கட்டப்பட்டிருந்ததால், தினசரி எண்கள் அத்தனையும் சத்தமே இல்லாமல் கூடவே போய்விட்டன. உங்கள் டேட்டாபேஸில் இந்த வார்த்தைகள் இருக்கின்றனவா என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். போஸ்ட்கிரஸில் மாற்றுவது சுலபம்:

```sql
ALTER TABLE post_metrics
  DROP CONSTRAINT post_metrics_post_id_fkey,
  ADD FOREIGN KEY (post_id)
    REFERENCES posts (id) ON DELETE RESTRICT;
```

இதற்குப் பிறகு எண்கள் உள்ள பதிவை அழிக்க யார் முயன்றாலும் டேட்டாபேஸே மறுத்துவிடும். ஸ்க்ரிப்ட்டையும் அதற்கேற்ப மாற்றியதால், நீக்கப்பட்ட பதிவுக்கு `deleted_at` என்று ஒரு தேதி மட்டும் விழும்; வரிசை அப்படியே இருக்கும்.

சரி, போன எண்களை எப்படி மீட்பது? வாரம் ஒருமுறை எடுத்த பேக்கப் கைகொடுத்தது. ஏப்ரல் 14-ம் தேதி பேக்கப்பில் அந்தப் பதிவு 23,020-ல் நிற்கிறது. பதிவு காணாமல் போனது 18-ம் தேதி. இடைப்பட்ட நாட்களுக்கு எதுவும் இல்லை. அப்போதுதான், அதுவரைக்கும் அவமானமாகப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு கோளாறு உதவிக்கு வந்தது. தினசரி வளர்ச்சி வரைபடத்தில் ஏப்ரல் 18 அன்று −21,150 என்று ஒரு பள்ளம். இம்ப்ரெஷன் எப்படி மைனஸில் போகும்? இன்றைய மொத்தத்திலிருந்து நேற்றைய மொத்தத்தைக் கழித்து வளர்ச்சி என்று காட்டினால் இப்படித்தான் ஆகும். ஆனால் அந்தத் தினசரி மொத்தங்கள் தனி டேபிளில் இருந்ததால் அழியவில்லை. மற்ற பதிவுகள் அன்று கூடியது 1,950 என்று அவற்றின் எண்களிலிருந்தே தெரிகிறது. 1,950 கூடியும் மொத்தம் 21,150 குறைந்திருக்கிறது என்றால், காணாமல் போன பதிவின் 17-ம் தேதி எண்ணிக்கை 23,100. பேக்கப்பில் இருந்த 23,020-க்கு இது அழகாகப் பொருந்தியது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளக்க முடியவில்லை.

ஒரே நாளில் இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டிருந்தால் இந்தக் கணக்கு உதவாது. இரண்டின் கூட்டுத்தொகைதான் கிடைக்கும். இப்படிக் கணக்குப் போட்டு எடுத்த எண்ணுக்குத் தனி அடையாளம் வையுங்கள். 15, 16 தேதிகளை நான் காலியாகவே விட்டுவிட்டேன். இடையில் நேர்கோடு போட்டு நிரப்பச் சொன்னார்கள். யாரும் அளக்காத எண்ணை அளந்த எண்ணோடு கலந்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. வளர்ச்சியையும் இப்போது பதிவுவாரியாகக் கழித்துப் பார்த்து, அதன் பிறகுதான் கூட்டுகிறோம். நீக்கப்பட்ட பதிவுக்கு அந்த நாளில் வளர்ச்சி 'இல்லை', மைனஸ் கிடையாது.

இதோடு முடிந்தது என்று நினைத்த நேரத்தில், ஒருநாள் காலையில் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தின் எல்லாப் பதிவுகளுக்கும் `deleted_at` விழுந்திருந்தது. யாரும் எதையும் நீக்கவில்லை. எண்களை எடுக்க அனுமதி தரும் டோக்கனை எடுத்துக் கொடுத்தவரின் பொறுப்பு மாறியதால் பக்கத்தின் அனுமதியிலிருந்து அவரை நீக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். ஃபேஸ்புக்கின் கிராஃப் ஏபிஐயில் பதிவு உண்மையிலேயே இல்லாவிட்டாலும், இருந்தும் அதைப் பார்க்க நமக்கு அனுமதி இல்லாவிட்டாலும், பல சமயம் திரும்பி வருவது ஒரே பிழைதான்:

```json
{"error": {"type": "GraphMethodException",
           "code": 100, "error_subcode": 33}}
```

கூடவே வரும் செய்தியும் 'அந்த ஐடியில் எதுவும் இல்லை, அல்லது அனுமதி இல்லை, அல்லது இந்த வேலையை அதன் மீது செய்ய முடியாது' என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லும். டோக்கன் காலாவதியானால் 190 என்று தனி எண் வரும். அதில் குழப்பம் இல்லை. இந்த 100/33-தான் ஆளைக் கவிழ்க்கும். யூடியூபில் பிழைகூட வராது. `videos.list`-இல் நீக்கப்பட்ட வீடியோவின் ஐடியைக் கொடுத்தால் வெற்றி என்று சொல்லியபடியே காலியான `items` வரும்.

அதனால் 'நீக்கப்பட்டது' என்று முடிவு கட்டும் முன் 'காணவில்லை' என்று ஒரு நிலையை வைத்தோம். ஒரு பதிவு வராவிட்டால், அதே டோக்கனை வைத்து அதே பக்கத்தில் நமக்குத் தெரிந்த வேறொரு பதிவைக் கேட்டுப் பார்ப்போம். அதுவும் வராவிட்டால் கோளாறு அனுமதியில். எந்தப் பதிவின் நிலையையும் மாற்றாமல் ஆளைக் கூப்பிட வேண்டும். அது வந்து இது மட்டும் வராவிட்டால் 'காணவில்லை'. அடுத்தடுத்த சில சுற்றுகளிலும் அப்படியே இருந்தால்தான் 'நீக்கப்பட்டது'. அதன் பிறகும் திரும்பி வர வழி இருக்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் ஆர்கைவ் செய்த பதிவைப் பிறகு வெளியே எடுத்துவிடலாம். திரும்பி வந்தால் பழைய வரிசையிலேயே தொடர வேண்டும். புதுப் பதிவாகப் பிறக்கக் கூடாது.

திருத்தப்பட்ட பதிவுகள் வேறு வகைத் தலைவலி. ஃபேஸ்புக்கில் திருத்தினால் பதிவின் ஐடி மாறாது, வாசகம் மட்டும் மாறும். எங்கள் டேபிளில் பழைய வாசகத்தின் மேலேயே புதியது எழுதப்பட்டதால், ஒரு ஹேஷ்டேக்கில் ஓடிய பதிவை யாரோ பிறகு வேறு ஹேஷ்டேக்குக்கு மாற்றியதும், முதல் பிரச்சாரத்துக்கு வந்த எண்கள் மொத்தமும் அடுத்த பிரச்சாரத்தின் கணக்கில் போய் உட்கார்ந்தன. வாசகத்தைத் தனி டேபிளுக்கு மாற்றி, ஒவ்வொரு வடிவத்துக்கும் `valid_from`, `valid_to` கொடுத்த பிறகுதான் இது அடங்கியது. எண்ணை எடுத்த நேரத்தில் எந்த வாசகம் இருந்ததோ, அன்றைய வளர்ச்சி அதன் கணக்கில்.

திருத்தம் நடந்ததைக் கண்டுபிடிக்க `updated_time`-ஐ நம்பாதீர்கள். யாராவது கமெண்ட் போட்டாலும் அது மாறும். வாசகத்தின் ஹாஷை வைத்து ஒப்பிடுவதே நல்லது. அதற்காக ஏபிஐ தரும் பதில் முழுவதையும் ஹாஷ் செய்தால் திருத்தாத பதிவுக்கும் அடிக்கடி 'திருத்தம்' என்று வரும்; படங்களின் முகவரிகள் அவ்வப்போது மாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

எக்ஸில் நிலைமை நேர்மாறு. திருத்தினால் பதிவுக்குப் புது ஐடியே வந்துவிடும். ஒரு பதிவு இரண்டாகத் தெரிவதால் பதிவுகளின் எண்ணிக்கை கூடி, பதிவுக்குச் சராசரி என்ற எண் காரணமில்லாமல் இறங்கும். அதற்குத் தீர்வு `edit_history_tweet_ids`. எல்லா வடிவங்களின் ஐடிகளும் பழையதிலிருந்து புதியது என்ற வரிசையில் அதில் வரும். முதலில் இருப்பதை நிரந்தர அடையாளமாக வைத்துக்கொண்டால் போதும். ஆனால் எண்களைக் கூட்டும் முன் சோதித்துப் பாருங்கள். திருத்திய பிறகு பழைய வடிவத்தின் எண் நின்று, புதியது பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் கூட்டலாம். அப்படி இல்லாவிட்டால் ஒரே பார்வையை இரண்டு முறை எண்ணிவிடுவீர்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று சொல்லும் ரீச்சை மட்டும் எந்த நிலையிலும் கூட்டக் கூடாது. இரண்டு வடிவத்தையும் பார்த்தவர் ஒரே ஆளாக இருக்கலாம்.

நடுவில் மேலாளரிடமிருந்து ஒரு நியாயமான கேள்வி வந்தது: "நாமே வேண்டாம் என்று எடுத்த பதிவு ரிப்போர்ட்டில் ஏன் தெரிகிறது?" இப்போது நீக்கப்பட்டது உறுதியானதும் வாசகத்தையும் படத்தையும் அழித்துவிடுகிறோம், எண்ணும் தேதியும் மட்டும் மிஞ்சும். ரிப்போர்ட்டில் 'நீக்கப்பட்டவை' என்று ஒரே வரியில் மொத்தம் வரும். யூடியூபின் அனலிட்டிக்ஸும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது. நீக்கிய வீடியோவின் பார்வைகள் சேனலின் கூட்டு ரிப்போர்ட்டில் தொடரும், ஆனால் அந்த வீடியோவின் பெயரில் வராது. அதனால் வீடியோக்களின் கூட்டுத்தொகை சேனல் மொத்தத்தோடு ஒத்துப்போகவில்லை என்று யாராவது பதறினால், முதலில் இந்த வரியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு காவல் வைத்தோம். மாதம் முடிந்து ரிப்போர்ட் போனதும் அதன் எண்களை அப்படியே தனி டேபிளில் நகல் எடுத்து வைக்கிறோம். தினமும் இரவு, மூடிய மாதங்களை மூல எண்களிலிருந்து மறுபடி கணக்கிட்டு நகலோடு ஒப்பிடுகிறது ஒரு சின்ன ஸ்க்ரிப்ட். ஒரு எண் பிசகினாலும் அஞ்சல் வரும். ஒருநாள் வந்தேவிட்டது. தேடிப் பார்த்தால், அந்த நிறுவனத்தின் பழைய ஸ்க்ரிப்ட் ஏதோ ஒரு சர்வரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. `posts`-இல் அழிக்க வழியில்லை என்றதும் `post_metrics`-இலேயே நேராகக் கை வைத்திருந்தது. `REVOKE DELETE` போட்டு அதன் உரிமையைப் பிடுங்கிவிட்டு, போன வரிசைகளை அன்றைய பேக்கப்பிலிருந்து திருப்பி ஏற்றினேன். மறுநாள் அவர்களிடமிருந்து புகார் வந்தது: "எங்கள் ஸ்க்ரிப்ட்டில் பெர்மிஷன் எரர் வருகிறது சார், கொஞ்சம் பாருங்கள்." பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது.