மழை லீவு முடிந்ததும் எந்த வீட்டுப்பாடம் பாக்கி?

கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூலையில் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் பள்ளிக்கூடத்துக்கு அடுத்தடுத்து லீவு விடுவார்கள். பள்ளி திறப்பதற்கு முந்தின நாள்தான் வீட்டுப்பாடப் பேச்சே எழும். "ஹோம்வொர்க் பாக்கி இருக்காடா?" என்று கேட்டால், ஏழாவது படிக்கும் என் தங்கை மகன் "எல்லாம் முடிச்சாச்சு பெரியம்மா" என்பான். அவன் சொல்வது பொய்யில்லை. ஞாபகத்தில் இருந்ததையெல்லாம் முடித்திருப்பான், மறந்துபோனதுதான் பாக்கி. அதனால் அவனிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, நோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

முதலில் பையைக் காலி செய்து எல்லா நோட்டையும் தரையில் பரப்பச் சொன்னேன். ஒவ்வொரு நோட்டையும் பின்பக்கத்திலிருந்து புரட்டி, டீச்சர் கடைசியாகச் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்ட பக்கத்தைத் தேட வேண்டும். அந்தத் தேதி வரை கவலையில்லை. அதற்குப் பிறகு கொடுத்த வேலையைத்தான் டைரியில் பார்க்க வேண்டும். டைரிக்கு அப்புறம் வகுப்பு வாட்ஸ்அப் குரூப். மழையில் டவர் போய்த் திரும்பினால் செய்திகள் மொத்தமாக வந்து விழும். கடைசிச் செய்தியை மட்டும் பார்த்தால் நடுவில் வந்த வாய்ஸ் மெசேஜ் விட்டுப்போகும். ஆகவே பள்ளி நடந்த கடைசி நாளுக்குப் போய், அங்கிருந்து கீழே ஒவ்வொன்றாகப் படித்தும் கேட்டும் வரவேண்டும்.

அன்று அவன் கண்டுபிடித்தது இது. அறிவியல் எழுதியிருந்தான், கையெழுத்து மட்டும் இல்லை. ஆங்கில நோட்டு பையிலேயே இல்லை. திருத்துவதற்கு மிஸ்ஸிடம் இருந்தது. கணக்கில் முழுக்களின் கழித்தல், பத்தில் ஆறுதான் போட்டிருந்தான். சமூக அறிவியலில் இந்திய வரைபடத்தில் ஆறுகளைக் குறிக்க வேண்டும், மேப்பே வாங்கவில்லை. தமிழில் மனப்பாடப் பாடல். இது டைரியில் இல்லை, வாய்ஸ் மெசேஜில்தான் இருந்தது.

ஐந்தையும் ஒரே தாளில் எழுதி, பக்கத்தில் நிலையையும் குறிக்கச் சொன்னேன்: 'எழுதவில்லை', 'பாதி', 'காட்டணும்'. இந்தப் பிரிவு அவசியம். எல்லாவற்றையும் 'பாக்கி' என்று ஒரே சொல்லில் எழுதினால் குழந்தைக்கு மலைப்பு வந்துவிடும். அறிவியலும் ஆங்கிலமும் வெறுமனே 'காட்டணும்'. அப்படியென்றால் அன்றைக்கு உட்கார்ந்து செய்ய வேண்டியது மூன்றே மூன்று.

எதை முதலில் எடுப்பது? அவன் பாடலை எடுத்தான், ஏனென்றால் அது பிடிக்கும். நான் மேப்பை எடுக்கச் சொன்னேன். கடை சாத்துவதற்குள் வாங்க வேண்டும், நிறம் தீட்ட வெளிச்சமும் வேண்டும். மழைநாளில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாடலை இருட்டில்கூடச் சொல்லிப் பார்க்கலாம். கடையில் மேப் கிடைக்காவிட்டால் அதை டைரியில் எழுதிக்கொண்டுபோய், வகுப்பு தொடங்கும் முன்பே "மிஸ், மேப் கிடைக்கலை, நாளைக்குக் கொண்டுவரேன்" என்று அவனே சொல்ல வேண்டும் என்றும் பேசி வைத்தோம். நல்லவேளை, கிடைத்தது.

அடுத்தது கணக்கு. பாதியில் நின்ற வேலையைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த இடத்தில் நின்றது என்று பாருங்கள். அவன் நின்றது (−8) − (−5) என்ற ஏழாவது கணக்கில். அதுவரை வந்ததெல்லாம் நேர்க்குறி எண்ணைக் கழிப்பது. குறை எண்ணைக் கழிக்கும்போது அதன் எதிர்மறையைக் கூட்ட வேண்டும் என்பது அவனுக்குப் பிடிபடவில்லை.

"அஞ்சு ரூபாய் கடனைத் தள்ளுபடி பண்ணிட்டா எட்டு ரூபாய் கடன் என்ன ஆகும்?"

"மூணு ரூபாய் கடன்."

"அதுதான்டா விடை."

−8 + 5 = −3 என்று எழுதினான். மீதி மூன்றையும் தானே போட்டான். சந்தேகம் தீராமல் "முடி, முடி" என்று விரட்டியிருந்தால் பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்து எழுதியிருப்பான், அது முடித்ததாகாது.

வேலை நடக்கும்போது மேஜையில் ஒரு நோட்டுதான் இருக்க வேண்டும். எழுதி முடித்ததும் தாளில் அடித்துவிடக் கூடாது, நோட்டு பைக்குள் போன பிறகுதான் அடிக்கலாம். முடித்த நோட்டை மேஜையிலேயே விட்டுப்போனால் வகுப்பில் அது முடிக்காத கணக்குதான். 'காட்டணும்' என்று குறித்ததை மறுநாள் கையெழுத்து வாங்கி வந்த பிறகே அடிக்க வேண்டும். அதனால் தாளை மடித்து டைரிக்குள் வைத்து அனுப்பினேன். மறுநாள் அறிவியலில் கையெழுத்து வந்தது. ஆங்கில நோட்டு இன்னும் திருத்தி வரவில்லை, ஆகவே அந்த ஒரு வரியை மட்டும் புதுத் தாளில் முதலில் எழுதிக்கொண்டு, அன்றைய வீட்டுப்பாடத்தை அதன் கீழே எழுதினான்.