டொக்டருக்கு எழுதிய ஒன்றரைப் பக்கக் கடிதம்

எனக்கு வேலை உழவு மெஷினோடுதான். யாருடைய வயல், எத்தனை ஏக்கர், எத்தனை லீட்டர் டீசல் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பது பழக்கம். முதல் பிள்ளை பிறந்து இரண்டு மாதத்தில் அதே கொப்பியின் பின்பக்கத்தில் அவன் குடித்த பாலுக்கும் கக்கிய பாலுக்கும் கணக்கு எழுதுவேன் என்று நான் நினைக்கவில்லை.

மகன் பிறந்தபோது நிறை 3.1 கிலோ. ஒரு மாதம் நன்றாகவே போனது. ஐந்தாம் கிழமை அளவில் பால் கக்கத் தொடங்கினான். குடித்து ஏணையில் போட்டால் போதும், வாயோரம் வழிந்து கழுத்துக்குள் ஓடும். மாமி பார்த்துவிட்டு, "வயிறு கொள்ளாமல்தானே கக்குது, கொஞ்சம் இடைவெளி விட்டுக் குடுங்கோ" என்றார். நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் குடிக்கும்போதும் சண்டை. இரண்டு நிமிடம் மடமடவென்று குடிப்பான், இருமுவான், முதுகை வளைத்துக்கொண்டு அழுவான். வாயு என்று சொல்லி ஓமத்தண்ணி பருக்கினோம். வெயில் காலம், தொண்டை காயும் என்று கொதித்தாறிய தண்ணியும் கொடுத்தோம்.

முதலில் வெளிநோயாளர் பிரிவில் காட்டினோம். நீண்ட வரிசை. உள்ளே போனதும், "ஒரு நாளைக்கு எத்தனை தரம் குடிக்கிறார்? கக்கிறது எவ்வளவு?" என்று கேட்டார்கள். நான் மனைவியைப் பார்த்தேன், மனைவி மாமியைப் பார்த்தார். "குடிக்கிறதெல்லாம் கக்குது" என்றார் மாமி. வாயுவுக்குச் சொட்டு மருந்து எழுதித் தந்தார்கள். அங்கே நிறுத்தபோது 4.5 கிலோ காட்டியது, சந்தோஷமாக வந்தோம். இரண்டு நாள் கழித்து ஊரிலுள்ள கிளினிக்கில் எங்கள் குடும்பநல மிஸ் சட்டை, தொப்பி, நப்கின் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டு நிறுத்தார். 4.35. வளர்ச்சிப் பதிவேட்டில் புள்ளியை வைத்துக் கோட்டை இழுத்தபோது எனக்கே விளங்கியது. பச்சைப் பட்டைக்குள்தான் நின்றான், ஆனால் நடுவில் போய்க்கொண்டிருந்த கோடு அதன் அடி விளிம்புக்கு வந்திருந்தது.

மிஸ் குழந்தை வைத்திய நிபுணரின் கிளினிக்குக்குத் துண்டு தந்தார். போக ஐந்து நாள் இருந்தது. "அங்க போய் முழிக்காமல், மூன்று நாள் பார்த்து எழுதிக்கொண்டு போங்கோ" என்றார். எதை எழுதுவது என்றும் அவரே சொன்னார்: குடிக்கத் தொடங்கிய நேரம், விட்ட நேரம், ஈரத்துணி எத்தனை, கக்கியது எவ்வளவு, என்ன நிறம்.

கக்கியதை எப்படி அளப்பது என்பதுதான் சிக்கல். பழைய சாரத் துண்டு ஒன்றை விரித்து ஒரு தேக்கரண்டி தண்ணி, அதாவது 5 மில்லி, ஊற்றிப் பார்த்தேன். கை அகலத்துக்குப் பரவியது. மூன்று தேக்கரண்டி ஊற்றினால் துண்டில் பாதி நனைந்துபோனது. அதுவரை "எல்லாத்தையும் கக்கிவிட்டான்" என்று நாங்கள் பதறியதெல்லாம் ஒன்று, ஒன்றரைத் தேக்கரண்டிதான்.

மூன்றாம் நாள் இரவு கடிதத்தை எழுதினேன். ஓமத்தண்ணியை எழுத வேண்டாம் என்று மாமி சொன்னார், டொக்டர் ஏசுவார் என்ற பயம். எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எழுதவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்துவிட்டேன். கடிதம் இதுதான்:

"மதிப்பிற்குரிய டொக்டர் அவர்களுக்கு,

நேரில் கேட்டால் பதற்றத்தில் விட்டுவிடுவோம் என்பதால் எழுதுகிறேன். மகனுக்கு நாளையோடு 64 நாள். மாதம் நிறைந்து, சுகப் பிரசவத்தில் பிறந்தவர். பிறந்த நிறை 3.1, இரண்டு கிழமையில் 3.25, ஒரு மாதத்தில் 3.9, 45ஆம் நாள் 4.15, 60ஆம் நாள் 4.35 கிலோ. இவை எல்லாம் ஊர்க் கிளினிக்கின் ஒரே தராசில், சட்டை இல்லாமல் நிறுத்தவை. இடையில் வேறொரு இடத்தில் 4.5 காட்டியது சட்டையோடு.

கக்கத் தொடங்கியது ஐந்தாம் கிழமை. நாளைக்கு எட்டு, ஒன்பது தரம். பெரும்பாலும் ஒரு தேக்கரண்டி அளவு, ஒரு நாளில் ஒரு தரம் அதைவிடக் கூட. வெள்ளையாக அல்லது தயிர் போலத் திரைந்து வரும். பச்சையாகவோ இரத்தத்தோடோ வரவில்லை. வழிந்து வரும், தூரத்துக்குப் பாயாது. கக்கியபின் அழுவதில்லை, சிரிப்பார். காய்ச்சல் இல்லை.

தாய்ப்பால் மட்டும்தான், பால்மா கொடுக்கவில்லை. மூன்று நாளிலும் 6, 6, 7 தரம் குடித்தார். ஒரு பக்கம் நாலைந்து நிமிடம். இருமி, விட்டு, அழுவார். உடனே மற்றப் பக்கம் மாற்றுவோம், அங்கேயும் அப்படியே. கக்குகிறார் என்பதால் மூன்றரை, நாலு மணித்தியாலம் இடைவெளி விடுகிறோம். முன்பு அழும்போதெல்லாம் கொடுத்தோம்.

ஓமத்தண்ணியும் கொதித்தாறிய தண்ணியும் நாளைக்கு மூன்று தரம், ஒவ்வொரு தரமும் 30 மில்லி அளவில் கொடுக்கிறோம். ஈரத்துணி 7, 6, 7. மலம் மஞ்சள், இரண்டு நாளுக்கு ஒரு தரம்.

குடித்தவுடன் ஏணையில் போடுவோம்.

எங்கள் கேள்வி: கக்குவதால்தான் நிறை ஏறவில்லையா? அதை நிறுத்த மருந்து உண்டா?"

டொக்டர் அம்மா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பேனையை எடுத்து இரண்டு இடத்தில் கோடிட்டார். ஒன்று "நாலு மணித்தியாலம் இடைவெளி". மற்றது தண்ணிக் கணக்கு. கக்குகிற பகுதியில் ஒரு கோடும் இல்லை.

"ஒரு நாளில் கக்கிறது எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும்?" என்று கேட்டார். கணக்குப் பார்த்தேன். 50 மில்லிக்குக் கிட்ட. "இந்த நிறையில் இருக்கிற பிள்ளை ஒரு நாளைக்கு 600 மில்லிக்கு மேல் குடிக்கவேணும். போறது கொஞ்சம். உள்ளே வாறதுதான் காணாது" என்றார். ஒரு மாதத்தில் 450 கிராம் ஏறியிருக்கிறது, நாளைக்கு 15 கிராம். இந்த வயதில் 25, 30 கிராம் எதிர்பார்ப்பார்களாம். கக்கத் தொடங்கியதும் நாங்கள் பாலைக் குறைத்தோம். குறைத்ததால் பசி. பசியில் அவசரமாகக் குடித்துக் காற்றையும் சேர்த்து விழுங்கினான். அதனால் இன்னும் கக்கினான். அதைப் பார்த்து நாங்கள் இன்னும் குறைத்தோம்.

தண்ணியைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. 90 மில்லி என்பது அவனுக்கு ஒரு நேரப் பால். சத்தில்லாத தண்ணியால் அந்த வயிற்றை நிரப்பியிருந்தோம். அதைவிட, ஈரத்துணி ஆறுக்குக் குறையாமல் இருப்பதால் பால் காணும் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். அந்த ஈரத்தில் ஒரு பங்கு ஓமத்தண்ணி. மாமி தலையைக் குனிந்தார். டொக்டர் ஏசவில்லை. "அம்மா, ஆறு மாதம் வரைக்கும் பாலே போதும், இந்த வெயிலுக்கும் போதும். பாலில் இருக்கிறதே பெரும்பாலும் தண்ணிதான்" என்றார்.

பிறகு தன் முன்னாலேயே பால் கொடுக்கச் சொன்னார். அங்கேயும் இரண்டாவது நிமிடத்தில் இருமி, விட்டு, அழுதான். வாயிலிருந்து விலகியபோது பால் பீச்சிக்கொண்டு வந்தது. "பால் இல்லாமல் இல்லை. வேகமாக வருது, அவரால் சமாளிக்க ஏலாது" என்றார். மனைவியைத் தலையணையில் நன்றாகச் சாய்ந்து கொள்ளச் சொல்லி, பிள்ளையை நெஞ்சின்மேல் குப்புறச் சாய்வாக வைத்தார்கள். பால் மேல்நோக்கி ஏறவேண்டியிருப்பதால் வேகம் தணியுமாம். விட்டாலும் மற்றப் பக்கம் மாற்றாமல், கொஞ்சம் தூக்கி வைத்திருந்து அதே பக்கம் திரும்பக் கொடுக்கச் சொன்னார். நாங்கள் ஐந்து நிமிடத்தில் மாற்றி மாற்றி இரண்டு பக்கத்திலும் அந்த முதல் பாய்ச்சலை மட்டுமே அவனுக்குக் காட்டியிருக்கிறோம். அன்றைக்கு ஒரே பக்கத்தில் 18 நிமிடம் குடித்தான். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நாக்கின் அடியைப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார், குடித்து முடிந்தபின் வயிற்றை நிதானமாகத் தடவிப் பார்த்தார். இரைப்பையின் வாய் தடித்து அடைபட்டால் சில பிள்ளைகள் குடித்ததெல்லாம் பாய்ச்சிச் சத்தி எடுப்பார்களாம், எடுத்த கையோடு திரும்பப் பசி என்று அழுவார்களாம். அப்படி இல்லை. ஆனாலும் நிறை ஏறாத பிள்ளைக்குச் சலத்தில் கிருமி இருக்கலாம் என்று சோதிக்கச் சொன்னார். கிருமி நீக்கிய போத்தலோடு நான் முக்கால் மணித்தியாலம் நின்றேன். ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவ ஒரு தாதி காட்டித் தந்தார். முதல் தரம் போத்தலுக்கு வரவேண்டியது என் சட்டைக்கு வந்தது. இரண்டாம் தரம் கிடைத்தது. கிருமி இல்லை.

கக்குவதற்கு மருந்து எழுதவில்லை. ஒரு நாளைக்கு எட்டுத் தரத்துக்குக் குறையாமல், கேட்கும்போதெல்லாம் பால். இடையில் ஒரு தரமும் முடிவில் ஒரு தரமும் ஏவறை எடுக்கவேண்டும். குடித்தபின் இருபது நிமிடமாவது தோளில் நிமிர்த்தி வைத்திருக்கவேண்டும். ஏணைக்குள் உடம்பு வளைந்து வயிறு அமுங்கும், குடித்த கையோடு அதில் போடவேண்டாம் என்றார். நித்திரைக்குத் தட்டையான இடத்தில் மல்லாக்க. கக்குவான் என்று பயந்து குப்புறப் போடுவதும் தலையணை வைத்து உயர்த்துவதும் கூடாதாம். பச்சையாகச் சத்தி வந்தாலோ, இரத்தம் கண்டாலோ, ஒவ்வொரு தரமும் பாய்ச்சி எடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, துணி நனைவது குறைந்து சோர்ந்து கிடந்தாலோ கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றிரவே வார்ட்டுக்கு வரச் சொன்னார். கொப்பியின் மட்டையில் எழுதிக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் கஷ்டம். மனைவிக்கு நித்திரை இல்லை, அவன் முன்பைவிடக் கூடக் கக்கினான். மாமி ஒன்றும் சொல்லாமல் ஓமப் போத்தலை அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டு, பின்னேரங்களில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தார். ஒரு கிழமை கழித்து அதே தராசில், சட்டை இல்லாமல், 4.56. அடுத்த கிழமை 4.78. தண்ணி இல்லாமலே ஈரத்துணி எட்டு.

கக்குவது நிற்கவில்லை. நாலு மாதம் அளவில் கூடுதலாக இருக்கும், இருக்கப் பழகியபின் குறையும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். என் தோளில் எப்போதும் ஒரு சாரத் துண்டு கிடக்கிறது.

மூன்றாம் தடவை போனபோது கொப்பியை வாங்கிப் புரட்டினார். பக்கம் மாறிவிட்டது போல. ஓரிடத்தில் நின்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது என்ன, 40 லீட்டர்?" என்றார்.

"அது உழவு மெஷின் குடிச்சது, டொக்டர்" என்றேன்.