எட்டு சதவீதம் ஏற்றுவதை நிறுத்திய வருஷம்

திருப்பூரில் ஒரு பனியன் தையல் யூனிட்டில் கணக்குப் பார்க்கிறேன். எங்களிடம் பட்ஜெட் என்றால் போன வருஷத் தொகையோடு எட்டு சதவீதம் சேர்ப்பதுதான். இன்கிரிமென்டல் பட்ஜெட். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும், யாருக்கும் வருத்தமும் இருக்காது.

சிக்கல் வாடகை வேன் செலவில் தெரிந்தது. இரண்டு வருஷம் முன்பு ஒரு பையரின் தரப் பரிசோதகர் தினமும் வந்துபோக மாதம் 36,000 ரூபாய்க்கு வேன் பேசியிருந்தோம். அந்த பையர் ஆறே மாதத்தில் ஆர்டரை நிறுத்திவிட்டார். ஆனால் வேன் தலைப்பு மட்டும் 38,880 ஆகி, அடுத்த வருஷம் 41,990 ஆகி நின்றது. தொகை இருந்ததால் வேனும் ஓடியது, லேபிள் கட்டு வாங்கி வர.

அதனால் அந்த வருஷம் ஜீரோ பேஸ்டு முறையை எடுத்தோம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் பீட்டர் பைர் உருவாக்கி 1970-ல் எழுதிய முறை அது. நம் மத்திய அரசுகூட 1980-களில் முயன்று பார்த்தது. போன வருஷத் தொகை எதுவும் கணக்கில் வராது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தாள்: இது எதற்கு, நிறுத்தினால் என்ன ஆகும், வேறு வழி உண்டா, குறைந்தபட்சமாக நடத்த எவ்வளவு, இப்போதைய அளவில் நடத்த எவ்வளவு. அப்புறம் எல்லாத் தாள்களையும் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி, பணம் தீரும் இடத்தில் கோடு போட வேண்டும்.

எல்லாத் தலைப்புக்கும் இதைச் செய்யப் பார்த்தது என் தவறு. ஐந்து வாரம் போனது. வந்த தாள்களில் பாதியில் "மிக அவசியம், நிறுத்த முடியாது" என்று மட்டும் இருந்தது. "எழுபது சதவீதப் பணத்தில் எப்படி நடத்துவீர்கள்?" என்ற கேள்வியைச் சேர்த்த பிறகுதான் உண்மையான பதில் வந்தது. மெர்ச்சண்டைசர்கள் ஆளுக்கு ஆள் தனித்தனியாக சாம்பிள் கூரியர் அனுப்புவது அப்படித்தான் வெளியே வந்தது. வாரம் இரண்டு முறை சேர்த்து அனுப்ப ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் தையல் மாஸ்டர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நூல் எதுக்குன்னு நான் என்னங்க எழுதறது? பீஸ் ஓடினா நூல் வேணும், ஓடலேன்னா வேண்டாம்." அவர் சொன்னது சரி. உற்பத்தியோடு ஏறி இறங்கும் செலவுக்கு நியாயம் எழுதச் சொல்வது வீண். அதற்கு வேண்டியது, ஓடிய பீஸ் கணக்குக்கு ஏற்பத் திருப்பிப் போடும் ஃப்ளெக்ஸிபிள் பட்ஜெட்.

மாதம் 60,000 டி-ஷர்ட் என்று வைத்திருந்தோம். பீஸுக்கு நூலும் பேக்கிங்கும் 9 ரூபாய், தையல் கூலி 22, மின்சாரம் 3. ஆக 34 ரூபாய் வீதம் 20,40,000. வாடகை, ஸ்டாஃப் சம்பளம், மின்வாரியத்தின் டிமாண்ட் சார்ஜ் போன்ற நிலைச் செலவு 8,60,000. மொத்தம் 29 லட்சம். ஜூலையில் 48,000 பீஸ்தான் ஓடியது, செலவு 26,20,000. முதலாளி 2,80,000 மிச்சம் என்று மகிழ்ந்தார். 48,000-க்கே பட்ஜெட்டைத் திருப்பிப் போட்டேன்: 16,32,000, அதோடு நிலைச் செலவு 8,60,000, மொத்தம் 24,92,000. மிச்சம் இல்லை, 1,28,000 கூடுதல்.

அதில் கூலி மட்டும் 94,000. சாயப்பட்டறையிலிருந்து துணி தாமதமாக வந்ததில், முதல் பத்து நாள் தையல்காரர்கள் காத்திருந்ததற்கு ஷிப்ட் கூலி, கடைசி வாரம் இரட்டிப்பு ஓவர்டைம். மின்சாரத்தில் 26,000. மெஷின் ஓடாத நாட்களிலும் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. பழைய முறையில் இந்த இரண்டும் அந்த மிச்சத்துக்குள் மறைந்தே போயிருக்கும்.

அடுத்த மாதம் இந்தக் கணக்கும் காலை வாரியது. 40,000 பீஸ், கூலி 10,90,000. பீஸுக்கு 22 என்றால் 8,80,000 தானே வர வேண்டும்? மாஸ்டரிடம் கேட்டேன். "பத்தாயிரம் போலோ தெச்சோமுங்க. காலர், பட்டன் பட்டி, எல்லாம் கணக்குல வராதா?" டி-ஷர்ட்டுக்கு எட்டு நிமிஷம், போலோவுக்குப் பதினாறு. பீஸை விட்டுவிட்டு நிமிஷத்தில் போட்டேன்: 30,000 டி-ஷர்ட்டும் 10,000 போலோவும் சேர்ந்து 4,00,000 நிமிஷம். 22 ரூபாயை எட்டால் வகுத்தால் நிமிஷத்துக்கு 2.75, ஆக 11,00,000 வரை போகலாம். மாஸ்டர் பத்தாயிரம் குறைவாகவே முடித்திருந்தார். அன்றிலிருந்து எங்கள் பட்ஜெட் தாளில் முதல் வரி பீஸ் இல்லை, தையல் நிமிஷம்.