மலையகத் தேயிலைக் கம்பனியில் நன்மதிப்பின் பெறுமதி இழப்புச் சோதனையைக் கணக்காய்வு செய்த விதம்

ஓர் அலகு இனிமேல் தரும் காசு அதன் புத்தகத் தொகையைத் தாங்குமா என்று பார்ப்பது பெறுமதி இழப்புச் சோதனை. இம்பெயார்மன்ட் டெஸ்ட் என்று அலுவலகத்தில் சொல்லும் அதைத் தேயிலைக் கம்பனிகளில் எப்படிப் பார்க்கிறோம் என்பதை, தலவாக்கலைப் பக்கத்து அலகு ஒன்றை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி கணக்குகளை மாற்றியிருக்கிறேன், ஆனால் தர்க்கம் அப்படியே இருக்கிறது. குத்தகைத் தோட்டமும் வெளிக் கொழுந்து வாங்கும் பெக்டரியும் சேர்ந்த ஒரு காசு உருவாக்கும் அலகு இது. புத்தகத்தில் இருக்கும் முன்கொணரல் தொகை 1,420 மில்லியன் ரூபாய், அதில் வாங்கியபோது சொத்துகளின் பெறுமதிக்கு மேல் கொடுத்த நன்மதிப்பு 310 மில்லியன். ஆண்டு முடிவு 2025 மார்ச் 31.

முகாமைத்துவம் தந்த கணக்கு சுருக்கமானது. வரிக்கு முந்திய காசுப் பாய்ச்சல் ஐந்து ஆண்டுகளுக்கு 150, 180, 205, 225, 240 மில்லியன். அதன் பிறகு ஆண்டுக்கு 5% வளர்ச்சியுடன் முடிவில்லாமல் தொடரும். எதிர்காலக் காசை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவரும் கழிவு வீதம் 14%. விடை ஏறக்குறைய 2,120 மில்லியன். 1,420ஐக் கழித்தால் 700 மில்லியன் மிச்சம், ஆகவே இழப்பு இல்லை என்பது அவர்களுடைய முடிவு.

இந்த மாதிரிக் கோப்பில் முதலில் பார்ப்பது, பெறுமதி எந்த ஆண்டுகளில் உட்கார்ந்திருக்கிறது என்பதை. இங்கே முதல் ஐந்து ஆண்டுகளின் இன்றைய பெறுமதி 666 மில்லியன் மட்டும். மீதி 1,454 மில்லியன், அதாவது மொத்தத்தில் 69%, ஐந்தாம் ஆண்டுக்குப் பிந்திய ‘இறுதிப் பெறுமதி’. கொழுந்து, கூலி, விலை என்று எல்லாரும் பேசுவது முதல் ஐந்து ஆண்டுகளைப் பற்றி. பணம் இருப்பதோ யாரும் பேசாத கடைசி வரியில். அதனால் நாங்கள் அங்கிருந்து தொடங்கினோம்.

பெருந்தோட்டக் கம்பனிகளின் நிலம் அவர்களுக்குச் சொந்தமில்லை. 1992இல் தொடங்கி 53 ஆண்டுக் குத்தகையில் அரசிடமிருந்து பெறப்பட்ட காணி அது, 2045இல் முடிகிறது. 2025 மார்ச்சிலிருந்து எண்ணினால் 20 ஆண்டுகளும் சில மாதங்களும்தான் மிச்சம். முடிவில்லாத சூத்திரத்தைப் போட்டவர், கையில் இல்லாத காணியின் கொழுந்தையும் சேர்த்து விற்றுவிட்டார். ஆறாம் ஆண்டிலிருந்து 15 ஆண்டுகளுக்கு மட்டும் கணக்கிட எக்செலில் இவ்வளவு போதும்:

```
=252/(0.14-0.05)*(1-(1.05/1.14)^15)/1.14^5
```

இதில் 252 என்பது 240இன் மேல் 5% சேர்ந்த ஆறாம் ஆண்டுத் தொகை. 1,454 மில்லியன் இருந்த இடத்தில் 1,031 மில்லியன் வருகிறது. வேறு எதையும் தொடாமலே மிச்சம் 700இலிருந்து 277க்கு இறங்கிவிட்டது.

“குத்தகை எப்படியும் புதுப்பிக்கப்படும், அரசாங்கம் தோட்டத்தை எடுத்து என்ன செய்யும்?” என்பதுதான் வழமையாக வரும் பதில். அது நியாயமான ஊகமாக இருக்கலாம், ஆனால் கணக்காய்வுச் சான்று அல்ல. புதுப்பிக்கும் உரிமை குத்தகைப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, எந்தப் பிரிவில், யாருடைய சம்மதத்துடன், எந்த வாடகைக்கு என்று கேட்க வேண்டும். பத்திரத்தை நாங்களே முழுதாகப் படித்தோம். உரிமை என்று சொல்லக்கூடிய பிரிவு இருக்கவில்லை. கூடவே, முடிவில் கட்டடங்களுக்கும் செடிகளுக்கும் இழப்பீடு உண்டா என்றும் தேடுவது முகாமைத்துவத்துக்கு நியாயமாக இருப்பதற்கு. இருந்திருந்தால் 2045இல் ஒரு வரவாகச் சேர்த்திருப்போம்.

அடுத்தது கழிவு வீதம். 14% எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் ஒரு பக்கத் தாள் தந்தார்கள். அபாயமற்ற வீதம் 10.5%, சந்தையோடு பங்கு எவ்வளவு அசைகிறது என்று சொல்லும் பீட்டா 0.9, சந்தை அபாய மிகை 6%. ஆகவே உரிமை மூலதனச் செலவு 15.9%. கடன் வட்டி 12%, 30% வரியைக் கழித்து 8.4%. உரிமை மூலதனத்தையும் கடனையும் 70:30 என்ற விகிதத்தில் கலந்தால் 13.65%, அதை 14 ஆக்கியிருக்கிறார்கள். இந்தத் தாளில் ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாகச் சரிபார்க்கலாம். அபாயமற்ற வீதத்துக்கு எடுத்த திறைசேரி முறியின் தவணை காசுப் பாய்ச்சலின் நீளத்துக்கு ஒத்ததா, பீட்டா எந்தக் கம்பனிகளிலிருந்து எடுக்கப்பட்டது என்றெல்லாம். நாங்களும் பார்த்தோம், பெரிய தவறு இல்லை. தவறு தாளுக்கு வெளியே இருந்தது. கடனின் வரிச் சலுகையைக் கழித்து எடுத்த 13.65% வரிக்குப் பிந்திய வீதம். அதைக் கொண்டு கழித்ததோ வரிக்கு முந்திய காசுப் பாய்ச்சலை. இலங்கைக் கணக்கீட்டு நியமம் 36 கேட்பது வரிக்கு முந்திய வீதத்தை. இரண்டையும் கலந்தால், வரி எங்குமே செலவாக வராமல் போய்விடும்.

திருத்தும்போது ஒரு குறுக்குவழி எல்லார் கையிலும் இருக்கிறது. 13.65ஐ 0.7ஆல் வகுத்து 19.5% என்று சொல்லிவிடுவது. அதையும் நாங்கள் ஏற்பதில்லை, அது இந்த முறை முகாமைத்துவத்துக்கு எதிரான பிழை. ஒவ்வோர் ஆண்டும் காசுப் பாய்ச்சலில் முழு 30% வரி போகிறது என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் வரியைக் குறைக்கும் மூலதனக் கொடுப்பனவுகள் இருப்பதால் இந்த அலகு கட்டும் வரி அதைவிடக் குறைவு. சரியான வழி இது: வரிக் கணக்காளரிடமிருந்து ஆண்டுவாரியான வரிக் கொடுப்பனவுகளை வாங்கிக் கழியுங்கள், வரிக்குப் பிந்திய பாய்ச்சலை 13.65% கொண்டு கழித்து ஒரு பெறுமதி எடுங்கள், பிறகு வரிக்கு முந்திய பாய்ச்சல் எந்த வீதத்தில் அதே பெறுமதியைத் தருகிறது என்று எக்செலின் ‘கோல் சீக்’ கொண்டு தேடுங்கள். எங்களுக்கு 17% அளவில் வந்தது. 17% போட்டு 2045 வரை கணக்கிட்டால் மொத்தம் 1,386 மில்லியன். முன்கொணரல் தொகையைவிட 34 குறைவு. காசுப் பாய்ச்சலில் இன்னும் கையே வைக்கவில்லை.

காசுப் பாய்ச்சலில் முதலில் கேட்டது பழைய எதிர்வுகூறல்களை. இலங்கைக் கணக்காய்வு நியமம் 540 கேட்கும் பின்னோக்கிய மீளாய்வு இதுதான். கடந்த மூன்று ஆண்டுகளில் உண்மையான பாய்ச்சல், எதிர்பார்த்ததைவிட 9%, 14%, 11% குறைவு. ஓர் ஆண்டு மேலே, ஓர் ஆண்டு கீழே என்றால் வானிலையைக் காரணம் சொல்லலாம். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் அது பக்கச்சார்பு, இந்த ஆண்டு எண்களையும் அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். இன்னொன்று: அடிப்படை ஆண்டைக் கவனிக்க வேண்டும். 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது கொழும்பு ஏலத்தின் சராசரி விலை முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய இரட்டிப்பானது. ரூபாய் வீழ்ந்ததால் வந்த அந்தத் தாவலை ‘கடந்தகால வளர்ச்சி’ என்று சராசரிக்குள் சேர்த்தால், எந்த விலையும் நியாயமாகத் தோன்றும்.

எதிர்வுகூறலில் விலை ஆண்டுக்கு 8% ஏறியது, வெளிக் கொழுந்தின் செலவு 4% மட்டும் ஏறியது. தேயிலைத் தொழில் தெரியாத கண்ணுக்கு இது மார்ஜின் முன்னேற்றம். ஆனால் சிறு தோட்டக்காரருக்குக் கொடுக்கும் விலை பேச்சுவார்த்தையால் தீர்மானிக்கப்படுவதல்ல, தேயிலை ஆணையாளரின் நியாய விலைச் சூத்திரத்தில் தேறிய ஏலச் சராசரியின் 68% கொழுந்து கொடுத்தவருக்கும் 32% பெக்டரிக்கும் போகிறது. தேறிய சராசரி கிலோவுக்கு 1,200 ரூபாய் என்றால் 816 ரூபாய் கொழுந்துக்கு. கொழுந்தின் எடையில் 21.5% தூளாகும் விளைச்சலில் பார்த்தால் பச்சைக் கொழுந்து கிலோவுக்கு ஏறக்குறைய 175 ரூபாய். விலை 8% ஏறினால் கொழுந்துச் செலவும் 8% ஏறியே தீரும். விலையையும் கொழுந்தையும் வெவ்வேறு வீதத்தில் வளரவிட்ட எக்செல் தாள், சட்டத்தையே மாற்றிவிட்டது என்று பொருள்.

சொந்தத் தோட்டத்தின் பக்கம் பிரச்சினை கூலியில். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் ஆனது. எதிர்வுகூறல் 1,350ஐ ஐந்து ஆண்டுக்கும் அப்படியே வைத்திருந்தது. ஊழியர் சேமலாப நிதி 12%, நம்பிக்கை நிதி 3% சேர்த்தால் ஒரு பேருக்கு 1,552 ரூபாய் ஆகிறது. பேருக்கு 18 கிலோ கொழுந்து என்றால், 21.5% விளைச்சலில் 3.87 கிலோ தூள். ஆகவே பறிப்புக்கு மட்டும் கிலோ தூளுக்கு 401 ரூபாய். கூலிப் பதிவேடான செக்ரோலை எடுத்து எட்டு மாத உண்மை எடையைப் பார்த்தோம், பேருக்கு 16 கிலோதான் வந்திருந்தது. அப்படியானால் 451 ரூபாய். கிலோவுக்கு 50 ரூபாய் வித்தியாசம், கொழுந்து எடை என்ற ஒரே எடுகோளிலிருந்து வருகிறது. இதை அலுவலகத்தில் இருந்து பிடிக்க முடியாது. மலைக்குப் போய், காலியான இடங்கள் எத்தனை, பழைய விதைத் தேயிலை எவ்வளவு, தண்டு வெட்டி வளர்த்த விபி தேயிலை எவ்வளவு என்று பார்த்த பிறகு 16 ஏன் 18 ஆகவில்லை என்பது விளங்கும்.

மூன்றாம் ஆண்டிலிருந்து விளைச்சல் உயர்வதற்கு மீள்நடுகையைக் காரணம் சொன்னார்கள். இருக்கும் செடியைப் பராமரிப்பதற்கான செலவும் பயனும் கணக்கில் வரலாம். சொத்தின் தரத்தையே உயர்த்தும் எதிர்காலச் செலவின் பயன், சொத்தை இப்போதைய நிலையில் வைத்துக் கணக்கிடும் பயன்பாட்டுப் பெறுமதியில் வரக்கூடாது. இங்கே பயன் இருந்தது, செலவு எந்த வரியிலும் இருக்கவில்லை. அந்தப் பயனை நீக்கச் சொன்னோம். புதிய நிறப்பிரிப்பு இயந்திரத்தால் வரும் விலை உயர்வையும் அதே காரணத்துக்காக நீக்கினோம்.

திருத்திய பாய்ச்சல் 142, 165, 184, 198, 208. 17% வீதத்தில் 2045 வரை 1,224 மில்லியன். முன்கொணரல் தொகையைவிட 196 குறைவு.

ஒற்றை எண்ணைக் கொண்டுபோய் முகாமைத்துவத்துடன் சண்டை பிடிப்பதில்லை. கழிவு வீதம் யாராலும் தசமத்துக்குச் சரியாகச் சொல்லக்கூடியதல்ல. அதனால் எங்கள் சொந்த வீச்சாக 16% முதல் 18% வரை எடுத்தோம். 16%இல் குறை 115 மில்லியன், 18%இல் 269 மில்லியன். வீச்சின் எந்த முனையிலும் மிச்சம் இல்லை என்பதுதான் இங்கே தீர்ப்பை எளிதாக்கியது. ஒரு முனை மிச்சமும் மறு முனை குறையும் காட்டியிருந்தால், எடுகோள்களின் சான்றை மறுபடி தோண்டியிருப்போம். முகாமைத்துவம் முதலில் 15.5% என்று பேரம் பேசியது. வீதத்தின் மேல் பேரம் பேசாதீர்கள், வரிக் கொடுப்பனவு அட்டவணையில் எந்த எண் தவறு என்று காட்டுங்கள் என்று கேட்டோம். ஒரு மூலதனக் கொடுப்பனவு விடுபட்டிருந்தது உண்மைதான், அதைச் சேர்த்தும் 17ஐ விட்டு வீதம் அதிகம் நகரவில்லை.

196 மில்லியனும் முதலில் நன்மதிப்பில் விழுகிறது. மிஞ்சுவது 114. பின்னால் ஏலவிலை ஏறினாலும் நன்மதிப்பின் இழப்பை மீளச் சேர்க்க முடியாது, ஆகவே பதிவு செய்யும் முன் பணிப்பாளர் சபையிடம் இதை எழுத்தில் சொன்னோம். அதன் பிறகு குறிப்புகளில் வந்த வாசகத்தைப் பார்த்தோம். முதல் வரைவில் ‘நியாயமான எடுகோள்கள்’ என்று மட்டும் இருந்தது. 17%, 5%, குத்தகை முடியும் 2045, பேருக்கு எத்தனை கிலோ கொழுந்து என்பதெல்லாம் எண்களாக எழுதப்பட்ட பிறகே கையொப்பத்துக்கு விட்டோம்.