மேடா, குழியா? காலனிப் பதிவேட்டில் நான் செய்த பிழை

சென்ற வாரம் என் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, ஒரே தொட்டி மண்ணிலிருந்து வளர்த்த தட்டுகளில் மூன்று வகைப் பாக்டீரியாக் காலனிகள் இருப்பதாக நானே எழுதி வைத்திருந்ததைக் கண்டேன். அந்த மூன்றையும் தனித்தனியாகப் புதிய தட்டுகளில் கோடிழுத்து, ஒரே நாளில், ஒரே வெப்பநிலையில் வளர்த்துப் பார்த்ததில், மூன்றும் ஒன்றுபோலவே வந்தன. கிராம் சாயமேற்றிப் பார்த்தபோதும் மூன்றிலும் ஊதா நிறக் கோல்களே தெரிந்தன; முதிர்ந்த தட்டுகளின் கோல்களுக்குள் வித்துகளும் இருந்தன. ஆக, வகை ஒன்று. நான் எழுதிய வருணனைகள் மூன்று. இந்தப் பிழை எங்கே நுழைந்தது என்று தேடியதைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

செய்முறை பழையதுதான். ஒரு கிராம் மண்ணை 9 மி.லி. கிருமி நீக்கிய நீரில் கலக்கி, வித்துகள் மட்டும் எஞ்சும்படி 80 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, படிப்படியாக நீர்த்து, ஒவ்வொரு தட்டிலும் 0.1 மி.லி. பரப்பி, 30 டிகிரியில் வளர்த்தேன். ஊடகம் நியூட்ரியன்ட் அகார். தட்டைத் திறக்கும் வேலைகள் எல்லாம் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் தோழியின் ஆய்வகத்தில், அவர் அருகில் இருக்கும்போது மட்டுமே நடந்தன. வீட்டுக்கு நான் கொண்டு வந்தவை படங்களும் பதிவேடும்தான். பிழைக்கு வழி திறந்தவையும் அந்தப் படங்களே.

பதிவேட்டின்படி முதல் வகை: வட்டம், சீரான விளிம்பு, குவிந்த மேடு, பளபளப்பு, வெளிர் மஞ்சள் கலந்த வெண்மை, 2 மி.மீ. இரண்டாம் வகை: ஒழுங்கற்ற வடிவம், அலைபோன்ற விளிம்பு, நடுவில் குமிழ் எழுந்த மேடு, மங்கலான பரப்பு, 6 மி.மீ. மூன்றாம் வகை: ஒழுங்கற்ற வடிவம், மடல் மடலான விளிம்பு, நடுவில் குழி, மங்கலான பரப்பு, 7 மி.மீ. படித்தால் மூன்று வெவ்வேறு உயிர்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் முதலாவதை 24 மணி நேரத்தில், காலனிகள் நெருக்கமாக முளைத்த தட்டில் பார்த்திருக்கிறேன். மற்ற இரண்டையும் 48 மணிக்கும் 72 மணிக்கும் இடையில், காலனிகள் தள்ளித் தள்ளி இருந்த தட்டுகளில் பார்த்திருக்கிறேன். எத்தனையாவது மணி என்பதை அந்தப் பக்கங்களில் எங்குமே எழுதவில்லை. படக்கோப்புகளின் நேரத்தை வைத்துத்தான் இப்போது கணக்கிட்டேன்.

முதல் வகை ஏன் வேறாகத் தெரிந்தது என்பதை இத்துடன் புரிந்துகொள்ளலாம். இளம் காலனி ஈரமான, பளபளப்பான சிறு துளியாகத் தொடங்கி, வளர வளரப் பரந்து தட்டையாகி, உலர்ந்து, சுருங்குகிறது. பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நிற்கும் காலனிகள் உணவைப் பங்கிட்டுக்கொள்வதால் எதுவும் பெரிதாக வளர்வதில்லை. எல்லாம் வட்டமாகவே நின்றுவிடுகின்றன. இரண்டு காலனிகள் நெருங்கினால், ஒன்றையொன்று நோக்கிய பக்கம் மட்டும் தட்டையாக வெட்டியதுபோல் நிற்கும். அதை ஒழுங்கற்ற வடிவம் என்று எழுதினால் அதுவும் தவறு. எனவே சுற்றிலும் ஒரு சென்டிமீட்டராவது வெற்றிடம் உள்ள காலனியை மட்டுமே இனி வருணிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

என்னை உண்மையிலேயே திணற வைத்தது குமிழும் குழியும்தான். ஒரே உயிர், ஏறத்தாழ ஒரே வயது, ஒரே ஊடகம்; ஒன்றில் நடு எழுந்தும் மற்றொன்றில் நடு தாழ்ந்தும் இருப்பது எப்படி? தட்டை மறுபடி எடுத்து, கண் மட்டத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தபோது, மூன்றாம் வகையிலும் நடுவில் குமிழ்தான் இருந்தது. அதாவது இல்லாத குழியை நான் பதிந்திருக்கிறேன்.

படத்தை மேசையில் விரித்து மெல்லத் திருப்பினேன். பாதி சுற்று வந்ததும் குழி மேடாக மாறிவிட்டது. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று நம் கண் தானாகவே எடுத்துக்கொள்கிறது. அந்தப் படத்தை எடுத்தபோது விளக்கு என் பக்கம், அதாவது படத்தின் கீழ்ப்பக்கம், இருந்திருக்கிறது. கீழிருந்து ஒளி பட்ட மேட்டின் நிழல் மேல்புறம் விழும். மேலிருந்து ஒளி பட்ட குழியின் நிழலும் மேல்புறமே விழும். விளக்கு எங்கே இருந்தது என்று தெரியாதவரை, படத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. நிலாவின் பள்ளங்களைப் படத்தில் குன்றுகளாகக் கண்டு ஏமாறுவதும் இதே காரணத்தால்தான்.

இதற்கு நான் கண்ட தீர்வு ஒரு கடுகு. தட்டுக்குப் பக்கத்தில், அதே விளக்கின் கீழ், ஒரு கடுகை வைத்துப் படம் எடுக்கிறேன். கடுகு மேடு என்பதில் ஐயமில்லை; அதன் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அதே பக்கம் நிழல் சாய்ந்த காலனி மேடு, எதிர்ப்பக்கம் சாய்ந்தது குழி. விளக்கை மேசையிலிருந்து மிகத் தாழ்வாக, ஒளி கிட்டத்தட்டத் தரையைத் தடவிக்கொண்டு வருமாறு வைத்தால்தான் நிழல் தெளிவாக விழும். தலைக்கு மேலே எரியும் குழல் விளக்கில் எல்லாக் காலனியும் தட்டையாகத்தான் தெரியும். தட்டைக் கவிழ்த்து அடிப்பக்கமாக எடுத்த படங்களில் விளிம்பு மிக அழகாக விழுகிறது, ஆனால் உயர்வைப் பற்றி அவற்றால் எதுவும் சொல்ல முடியாது. அப்படி எடுத்த ஒன்பது படங்களின் உயர்வுக் கட்டத்தை அழித்துவிட்டேன்.

பளபளப்பான காலனிகளுக்கு நிழலைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அவற்றின் பரப்பில் விளக்கின் பிம்பம் ஒரு வெண்புள்ளியாக விழும். விளக்கை வலப்பக்கம் நகர்த்தும்போது புள்ளியும் வலப்பக்கம் நகர்ந்தால் பரப்பு குவிந்தது. புள்ளி இடப்பக்கம் ஓடினால் அங்கே குழி இருக்கிறது. குழிந்த கரண்டியிலும் அதன் முதுகிலும் இதைச் செய்து பார்த்துக் கையைப் பழக்கிக்கொண்டேன். பிம்பம் புள்ளியாக நில்லாமல் கண்ணாடிபோல் அகலமாகப் படர்ந்தால் காலனி தட்டையானது என்று கொள்கிறேன். உலர்ந்து மங்கிய காலனியில் பிம்பமே விழாது என்பதால் இந்த வழி அங்கே உதவாது, கடுகுதான் கதி. மூடியில் நீர்த்திவலைகள் படிந்திருந்தால் இரண்டு வழிகளும் வீண். உள்ளங்கையை மூடிமேல் சிறிது நேரம் வைத்தால் திவலைகள் மறைந்துவிடும்; மூடியைத் திறக்கத் தேவையில்லை.

இரண்டாம், மூன்றாம் வகைகளில் உயர்வு ஒத்துப்போன பிறகும் விளிம்பில் வேறுபாடு எஞ்சியிருந்தது: ஒன்று அலை, மற்றொன்று மடல். இந்தச் சொற்கள் எல்லாம் தாவரவியலில் இலையின் விளிம்பை வருணிப்பவை. இலை படித்தவருக்குச் சீரான விளிம்பும் அலைவிளிம்பும் மடல்விளிம்பும் அரித்தது போன்ற விளிம்பும் புதியவை அல்ல. ஆனால் இலையில் அலை மடலாக மாறுவதில்லை. காலனியிலோ 48 மணியில் அலையாக இருந்தது 72 மணியில் மடலாக ஆழ்கிறது. இடையில் எங்கே கோடு போடுவது என்பது எழுதுபவரின் கையில்தான் இருக்கிறது. உள்வாங்கும் ஆழம் அந்த வளைவின் அகலத்தில் பாதியைத் தாண்டினால் மடல், தாண்டாவிட்டால் அலை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டு, அதைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை இதற்குப் போதும். வெறும் கண்ணுக்குச் சீராகத் தெரிந்த இரண்டு காலனிகளில் வில்லை வழியாக மெல்லிய இழைகள் தெரிந்ததால், விளிம்பை வில்லை இல்லாமல் பதிவதை நிறுத்திவிட்டேன்.

விளிம்பைப் பற்றி மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் செலவைக் குறைக்க மளிகைக் கடையில் விற்கும் கடற்பாசியைக் கொண்டு தட்டு ஊற்றினேன். அதுவும் அகார்தான், ஆனால் கட்டுக்குக் கட்டு இறுகும் தன்மை மாறியது. இளக்கமாக உறைந்த தட்டில் பரப்பின் மேல் நீர்ப்படலம் நின்றதால், இதே உயிர் கிளை கிளையாகத் தட்டு முழுவதும் ஓடிப் பரவிவிட்டது. அதை வேர்போன்ற வடிவம் என்று பெருமையாக எழுதி வைத்திருந்தேன். லிட்டருக்கு 15 கிராம் ஆய்வக அகார் சேர்த்து, தட்டுக்கு 20 மி.லி. ஊற்றி, ஓர் இரவு கவிழ்த்து உலர்த்திய பிறகு அந்தக் கிளைகள் ஒருமுறைகூட வரவில்லை. ஊடகப் பொடி வாங்கும் இடத்திலும் ஒரு மனக்குறை உண்டு: சென்ற முறை வந்த பொட்டலம் ஈரம் கோத்துக் கட்டியாகியிருந்தது, திருப்பி எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார்கள். இனி சிறிய புட்டிகளாகவே வாங்கப் போகிறேன்.

நிறத்தில் பெரிய சிக்கல் இல்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் ஊடகமே வைக்கோல் நிறத்தில் இருப்பதால், மெல்லிய வெண்காலனியின் வழியாக அது ஊடுருவித் தெரிந்து மஞ்சள் சாயலைத் தருகிறது. முதல் வகையின் வெளிர் மஞ்சள் அப்படி வந்ததே. நிறத்தை மேலிருந்து படும் ஒளியில், தட்டின் கீழ் வெள்ளைத்தாள் வைத்து ஒருமுறையும் கறுப்புத்தாள் வைத்து ஒருமுறையும் பார்க்க வேண்டும்; தாள் மாறும்போது நிறமும் மாறினால் அது காலனியின் சொந்த நிறம் அன்று. ஒளி ஊடுருவுகிறதா என்பதைத் தட்டை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துத் தனிக் கட்டத்தில் எழுதுகிறேன். நிறம் காலனியோடு நிற்கிறதா, சுற்றியுள்ள அகாருக்குள்ளும் கசிகிறதா என்பதற்கும் இப்போது ஒரு கட்டம் உண்டு.

திருத்திய பதிவு இப்படி அமைந்தது: நியூட்ரியன்ட் அகார், 30 டிகிரி, 48 மணி, தனித்த காலனி, விட்டம் 6 மி.மீ.; வடிவம் ஒழுங்கற்றது; விளிம்பு அலை; நடுவில் குமிழ், கடுகு வைத்துச் சரிபார்த்தது; பரப்பு மங்கல், உலர்ந்தது; வெண்மை, அகாரில் கசிவில்லை; ஒளி ஊடுருவாதது. இதன் கீழேயே அதே காலனியின் 24 மணி, 72 மணி வருணனைகளையும் எழுதியிருக்கிறேன், ஆகவே மூன்று வகைகளும் ஒரே பக்கத்தில் சேர்ந்துவிட்டன.

அடுத்து பேசில்லஸ் மைக்காய்டிஸ் பிடிக்க ஆசை. அது ஈரத் தட்டின் தயவில்லாமலே வேர்போல் கிளைத்து, ஒரே பக்கமாகச் சுழன்று படரும். சில வகைகள் வலஞ்சுழியாகவும் சில இடஞ்சுழியாகவும் வளரும். அடிப்பக்கமாகப் படமெடுத்தால் வலம் இடமாக மாறிவிடும் என்பதை இப்போதே பதிவேட்டில் சிவப்பு மையில் குறித்துவிட்டேன். ஆனால் அதற்கு முன், பழைய நாற்பது பதிவுகளில் இன்னும் பன்னிரண்டைத் திருத்த வேண்டியிருக்கிறது. அவற்றில் ஐந்துக்கு விளக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதற்கான தடயம் படத்தில் இல்லை, தட்டுகளும் எப்போதோ அழுத்தக்கலனில் வெந்து குப்பைக்குப் போய்விட்டன.